தீபாவளி ராத்திரி மத்தாப்பு போட்டோவுக்கு கேப்ஷன் எழுதுறது எப்படி: சிங்கப்பூருக்குப் புதுசா வந்தவங்களுக்கு

ஊர்ல இருந்து வந்து இங்க மொத தீபாவளி கொண்டாடுறவங்க போட்டோ எல்லாம் சூப்பரா எடுத்துடுறாங்க, கீழ ரெண்டு வரி எழுதும்போதுதான் கோட்டை விட்டுடுறாங்க. "பட்டாசு நைட்!!! வெடி போட்டாச்சு!!!"ன்னு போட்டு விடுறது, பார்த்தா போட்டோல ஒரு குழந்தை கையில ஒரே ஒரு கம்பி மத்தாப்பு. ஊர்ல இதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. இங்க அந்த ஒரு வார்த்தைக்கே கமெண்ட்ல பத்து பேர் "எங்க வெடிச்சீங்க, அலோ பண்றாங்களா"ன்னு கேட்பாங்க, அப்புறம் பண்டிகை நாள் அதுவுமா உக்காந்து விளக்கம் கொடுத்துட்டு இருக்கணும்.

காரணம் தெரியாதவங்களுக்கு மட்டும் சின்னதா சொல்லிடுறேன். 1970 சீனப் புத்தாண்டு சமயத்துல வெடியால ஆறு பேர் செத்துப்போனாங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கட்டுப்பாடு வந்து 1972ல மொத்தமா தடை. இன்னிக்கி வரைக்கும் சரவெடி, அணுகுண்டு, ராக்கெட்னு வெடிக்கிறது பறக்குறது எதையும் நம்மளா கொளுத்தக் கூடாது, வாங்கி வச்சிருக்கவும் கூடாது. 2018 தீபாவளி நேரத்துல லிட்டில் இந்தியா குளோஸ்டர் ரோட்டுல வெடிச்சு கேஸாகி கோர்ட் வரைக்கும் போச்சு, அதனால இங்க இருக்கிற நம்ம ஆளுங்களுக்கே இந்த விஷயத்துல காது கொஞ்சம் ஷார்ப்பு. கையில பிடிக்கிற சின்ன கம்பி மத்தாப்பு கதை வேற, சீசன் வந்தா தேக்கா கடைகள்ல பாக்கெட் பாக்கெட்டா தொங்கும், லாந்தர் பண்டிகைக்கு சீனப் பிள்ளைங்களும் அதைத்தான் வச்சு விளையாடும். இங்க கடையில வாங்குனா போதும், ஜோகூர்ல சீப்பா இருக்குன்னு காஸ்வேல தூக்கிட்டு வர்றது, ஊர்ல இருந்து சூட்கேஸ்ல போட்டுட்டு வர்றது ரெண்டும் வேண்டவே வேண்டாம், மத்தாப்பை பிளேன்லயே ஏத்த விட மாட்டாங்க.

சரி, கேப்ஷனுக்கு வருவோம். நான் சொல்றது ஒரே ஒரு போட்டோவை வச்சுத்தான், ஏன்னா அநேகமா எல்லார் போன்லயும் அந்த போட்டோதான் இருக்கும். ப்ளாக்குக்கு கீழ திறந்த இடம், ஏழு வயசுப் பொண்ணு, ஆரஞ்சு கலர் பாவாடை சட்டை, கையை நல்லா நீட்டிப் பிடிச்சிருக்கா, மத்தாப்பு பொரியுது, பின்னாடி ப்ளாக்கோட காரிடார் லைட் எல்லாம் மங்கலா மஞ்சளா தெரியுது, ஓரத்துல தாத்தாவோட பாதி உடம்பும் ஒரு நீல வாளியும். இதுக்கு என்ன எழுதலாம்?

எழுதுறதுக்கு முன்னாடி போட்டோவை ரெண்டு விரலால பெருசாக்கி மூலை மூலையா பாருங்க. இதை யாரும் செய்யறதில்ல, ஆனா பாதி வேலை இதுலதான் முடியுது. பொண்ணு கால்ல செருப்பு இருக்கா? மத்தாப்பு மூஞ்சிக்கிட்ட இருக்கா, கை நீளத்துக்கு தள்ளி இருக்கா? பக்கத்துல நிக்கிற இன்னொரு பிள்ளை மேல பொறி விழுற தூரமா? துப்பட்டா, நைலான் பாவாடை மாதிரி ஏதாவது தொங்கிட்டு கம்பிக்குப் பக்கத்துல வருதா? காரிடார்லயா கொளுத்தியிருக்கீங்க, பக்கத்துல செருப்பு ஸ்டாண்டு, பழைய பேப்பர் கட்டு எல்லாம் தெரியுதா? இதுல ஏதாவது ஒண்ணு இடிச்சா அந்த போட்டோவை விட்டுட்டு அடுத்ததை எடுங்க. கேப்ஷன்ல "பத்திரமாத்தான் விளையாடுனோம்"னு எழுதி அதை சரி பண்ண முடியாது, கண்ணு முன்னாடி ஒண்ணு தெரியுது எழுத்து இன்னொண்ணு சொல்லுதுன்னா ஜனங்க கண்ணைத்தான் நம்புவாங்க.

முக்கியமா ஒரு கையில நாலஞ்சு மத்தாப்பை ஒண்ணா சேர்த்துப் பிடிச்சு எடுத்த போட்டோ. பார்க்க பிரமாதமா இருக்கும், வெளிச்சம் கொட்டும், லைக்கும் வரும், ஆனா போடாதீங்க. தனித்தனியா எரியும்போது பொறி பொறியா உதிர்ற சமாச்சாரம், சேர்த்துக் கட்டுனா ஒண்ணோட சூடு இன்னொண்ணைப் பத்த வச்சு ஒரே நேரத்துல எல்லாம் பிடிச்சுக்கிட்டு தீயா சீறும், கையை எடுக்க நேரம் இருக்காது. போட்டோவைப் பார்த்து யாரோட பையனாவது அதே மாதிரி செஞ்சா என்ன பண்றது?

அப்புறம் அதே ஜூம்ல இன்னொண்ணும் பாருங்க, ப்ளாக் நம்பர் பெயிண்ட்ல பெருசா தெரியுதா, பக்கத்து வீட்டு பிள்ளைங்க மூஞ்சி தெளிவா இருக்கா. நம்பர் தெரிஞ்சா க்ராப் பண்ணிடுங்க. மத்த பிள்ளைங்கன்னா அவங்க அம்மா அப்பாகிட்ட ஒரு மெசேஜ் போட்டு கேட்டுட்டு போடுங்க, இங்க நிறைய பேர் பிள்ளைங்க போட்டோ வெளியில வர்றதை விரும்ப மாட்டாங்க, கேட்டா சந்தோஷமா சரிம்பாங்க, கேக்காம போட்டா லிஃப்ட்ல பார்க்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க.

இப்ப எழுதலாம். நம்ம போட்டோவுக்கு சாதாரணமா வர்ற மொத கேப்ஷன் இப்படி இருக்கும்:

"அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்! பட்டாசு நைட்! 🧨🧨🧨🧨"

இதுல என்ன பிரச்சனைன்னா, வாழ்த்து எல்லாரும் போடுறது, அன்னிக்கி காலையில இருந்து நூறு வாட்ஸ்அப்ல பார்த்தாச்சு, கண்ணு அதைத் தாண்டி ஓடிடும். பட்டாசுன்னு போட்டது தப்பு, அது மத்தாப்பு. கூட போட்ட அந்த சிவப்பு எமோஜி இருக்கே, அது வெடிக்கானது. மத்தாப்புக்குத் தனியா 🎇 இருக்கு, வானத்துல விரியிற வாணவேடிக்கைக்கு 🎆 இருக்கு, ரெண்டும் சின்ன சைஸ்ல ஒரே மாதிரி தெரியும், கொஞ்சம் உத்துப் பார்த்து எடுங்க. அகல் விளக்குக்கும் 🪔 இருக்கு, தீபாவளிக்கு அதுதான் ரொம்ப பொருத்தம்னு நான் சொல்வேன்.

இதைப் பார்த்து பயந்துட்டு சில பேர் அந்தப் பக்கம் போய் விழுவாங்க:

"குழந்தைகள் மத்தாப்பு கொளுத்தும்போது பெரியவர்கள் அருகில் இருப்பது அவசியம். பாதுகாப்பான தீபாவளியைக் கொண்டாடுவோம்."

சொல்ற விஷயம் நூத்துக்கு நூறு உண்மை, ஆனா இது லிஃப்ட் பக்கத்துல டவுன் கவுன்சில் ஒட்டுற நோட்டீஸ். போட்டோல ஒரு பொண்ணு வாயெல்லாம் பல்லா நிக்கிறா, கீழ எச்சரிக்கை பலகை. சந்தோஷம் போயிடுது, எச்சரிக்கையையும் யாரும் படிக்கிறதில்ல.

அப்ப எப்படித்தான் ரெண்டையும் சேர்க்கிறது? பத்திரமா இருந்தீங்கங்கிறதுக்கு போட்டோலயே ஏதாவது ஒரு சாட்சி இருக்கும், அதைப் பிடிச்சு கேப்ஷனுக்குள்ள ஆளாக்கி விட்டுடணும். நம்ம போட்டோல அது ஓரத்துல பாதி தெரியிற தாத்தாவும் நீல வாளியும். முக்கால்வாசி பேர் அதை அழகா இல்லைன்னு வெட்டிடுவாங்க, நான் வெட்டாதீங்கன்னு சொல்றேன், அதுதான் கேப்ஷனே:

"பாப்பா கையில மத்தாப்பு, தாத்தா கையில வாளி. ரெண்டு பேருல யாருக்கு டென்ஷன் ஜாஸ்தின்னு நீங்களே பார்த்து சொல்லுங்க 🎇"

பாருங்க, மத்தாப்புன்னு சொல்லியாச்சு, பெரியவர் பக்கத்துல இருக்கார்னு தெரிஞ்சுபோச்சு, தண்ணி ரெடின்னும் தெரிஞ்சுபோச்சு, எங்கயும் உபதேசம் இல்ல, படிக்கிறவங்க சிரிச்சுட்டு போட்டோவுக்கு மறுபடி போய் தாத்தாவைத் தேடுவாங்க. பொண்ணோட பேரும் இல்ல, பாப்பான்னு போட்டாலே தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்குத் தெரிய வேண்டாம்.

அந்த வாளி சும்மா போட்டோவுக்கு இல்லைங்கிறதையும் சொல்லணும். மத்தாப்புல வர்ற பொறி எல்லாம் இரும்புத்தூள் எரிஞ்சு தெறிக்கிறது, அந்தக் கம்பி முனையில சூடு 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல போகும். பொறி ரொம்ப சின்னதா இருக்கிறதால தோல்ல பட்டா சுருக்குனு குத்திட்டு அணைஞ்சுடும், நாம எல்லாம் அதை வச்சுத்தான் மத்தாப்பு ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சுக்குறோம். உண்மையில சுடுறது எரிஞ்சு முடிஞ்ச கம்பி. வெளிச்சம் போனதும் பிள்ளைங்க தொப்புனு கீழ போட்டுட்டு அடுத்ததுக்கு ஓடும், கறுப்பா ஆறிப்போன மாதிரி கிடக்கும், இன்னொரு பிள்ளை அதை மிதிக்கும் இல்லன்னா எடுத்துப் பார்க்கும். அதனாலதான் எரிஞ்சதும் நேரா வாளித் தண்ணியில, முனை கீழ பார்க்கிற மாதிரி. வாளி இல்லன்னா காலி மைலோ டின்ல பாதிக்கு ஈர மணல் போட்டு வச்சாலும் போதும். அந்த "உஸ்ஸ்" சத்தம் பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு தடவை காமிச்சுட்டா அப்புறம் அதுங்களே வாளியைத் தேடி வரும், இதையே கூட ஒரு கேப்ஷனாக்கலாம்:

"மத்தாப்பை விட வாளியில போடும்போது வர்ற உஸ்ஸ்ஸ்தான் இந்த வருஷ ஹிட்டு 🎇🪔"

அதே மாதிரி கொளுத்துற முறையும். எரியிற மத்தாப்பை ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு மாத்தக் கூடாது, பொறி கொட்டிட்டு இருக்கும்போது கம்பியோட எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறதுன்னு குழந்தை தடுமாறும். கையில கொடுத்துட்டு, கையை நீட்டச் சொல்லிட்டு, அப்புறம் பெரியவங்க பத்த வைக்கணும். காத்து முதுகுப் பக்கம் இருந்து வர்ற மாதிரி நிக்க வச்சா புகையும் மூஞ்சிக்கு வராது, போட்டோவும் தெளிவா விழும். சின்ன மத்தாப்பு ஒரு நிமிஷம் கூட எரியாது, அதுக்குள்ள போன் எடுத்து ஃபோகஸ் பண்ணி எல்லாம் முடியாது, அதனால போட்டோ எடுக்கிறவர் வேற பத்த வைக்கிறவர் வேறயா இருக்கணும். பிள்ளைகிட்ட எரியிற மத்தாப்பைக் கொடுத்துட்டு பக்கத்துல யாருமில்லாம நீங்க போனுக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கிறதுதான் இருக்கிறதுலயே மோசம். ரொம்பக் குட்டிப் பிள்ளைங்க, நாலு வயசு அஞ்சு வயசுக்குக் கீழன்னா, மத்தாப்பு பெரியவங்க கையில, பிள்ளை தள்ளி நின்னு கை தட்டட்டும், அந்த மூஞ்சியே போட்டோவுக்குப் போதும்.

காத்துல எழுதுற போட்டோ எடுக்கிறவங்களுக்கு ஒரு துணுக்கு. ஷட்டரை ரெண்டு மூணு செகண்ட் திறந்து வச்சு, மத்தாப்பால "ஒளி"ன்னு எழுத வைப்பீங்க இல்லையா, கேமராவைப் பார்த்துக்கிட்டு எழுதுறவங்க சாதாரணமா எழுதுனா போட்டோல கண்ணாடியில பார்க்குற மாதிரி திரும்பி விழும். போன்லயே எடிட்ல போய் இடம் வலம் திருப்பி விட்டா எழுத்து சரியாயிடும், ஆனா அப்படித் திருப்புனா பின்னாடி இருக்கிற கடை போர்டு, சட்டையில இருக்கிற எழுத்து எல்லாம் இடம் வலமா திரும்பிடும், அதையும் பார்த்துக்கோங்க. இந்த மாதிரி போட்டோவுக்கு கேப்ஷன்ல அந்த வார்த்தையையே மறுபடி எழுத வேண்டாம், அதான் நெருப்புலயே எழுதியாச்சே. யார் எழுதுனா, எத்தனாவது மத்தாப்புல எழுத்து நேரா வந்துச்சுன்னு சொல்லுங்க, அதுதான் படத்துல தெரியாத சங்கதி.

மொத வரி பத்தி. இன்ஸ்டாகிராம்ல நீங்க பெருசா எழுதுனாலும் ஃபீட்ல ஒண்ணு ரெண்டு வரிதான் வெளிய தெரியும், மிச்சம் தட்டுனாத்தான் விரியும், தமிழ் எழுத்து அகலம் ஜாஸ்தி வேற, அதனால சீக்கிரமே வெட்டுப்படும். வாழ்த்தை மொத வரியில போட்டா வெளிய தெரியிறது வாழ்த்து மட்டும்தான், தாத்தாவும் வாளியும் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். அதனால கதையை மேல, வாழ்த்தைக் கீழ. நம்ம கேப்ஷன் முழுசா இப்படி வரும்:

"பாப்பா கையில மத்தாப்பு, தாத்தா கையில வாளி. ரெண்டு பேருல யாருக்கு டென்ஷன் ஜாஸ்தின்னு நீங்களே பார்த்து சொல்லுங்க 🎇
பொங்கோல், ப்ளாக்குக்குக் கீழ. முறுக்கு இன்னும் மிச்சம் இருக்கு, வர்றவங்க வரலாம்.
எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள் 🪔"

இடம் சொல்றதுக்கு பேட்டை பேரு போதும், ப்ளாக் நம்பர் வேண்டாம், முறுக்குக்கு வர்றவங்களுக்கு வீடு தெரியும். ஹேஷ்டேக் தமிழ்ல போடுறதா இருந்தா நடுவுல இடைவெளி விடாதீங்க, #தீபாவளி மத்தாப்புன்னு விட்டா தீபாவளியோட நின்னுடும், #தீபாவளி_மத்தாப்பு மாதிரி அடிக்கோடு போட்டு இணைக்கணும். ரெண்டு மூணு போதும், கேப்ஷனை விட ஹேஷ்டேக் நீளமா இருந்தா கடை விளம்பரம் மாதிரி ஆயிடுது.

எமோஜியும் அப்படித்தான், ஒண்ணு ரெண்டோட நிறுத்துங்க. கண்ணு தெரியாதவங்க போன்ல ஸ்க்ரீன் ரீடர் வச்சு கேட்பாங்க, நீங்க பத்து 🎇 போட்டா அது பத்து தடவை "மத்தாப்பு மத்தாப்பு"ன்னு அந்த எமோஜி பேரைப் படிச்சுக்கிட்டே போகும். அவங்களுக்காகவே போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி ஆல்ட் டெக்ஸ்ட்னு ஒரு இடம் இருக்கும், அங்க காமெடி இல்லாம படத்துல இருக்கிறதை அப்படியே எழுதுங்க, "ஆரஞ்சுப் பாவாடை போட்ட சிறுமி கையை நீட்டி மத்தாப்பு பிடித்திருக்கிறாள், பக்கத்தில் வாளியோடு தாத்தா"ன்னு. கேப்ஷன்ல படத்தை விவரிக்கக் கூடாது, இங்க விவரிக்கணும், ரெண்டும் வேற வேலை.

வானத்துல விரியிற வாணவேடிக்கை போட்டோவுக்கு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. இங்க அது பெர்மிட் வாங்கிப் பெரிய அளவுல நடத்துறது, ஆகஸ்ட் 9 தேசிய தினம், மரினா பேல புத்தாண்டு ராத்திரி மாதிரி. நம்ம வேலை எட்ட நின்னு பார்க்கிறதுதான், அதனால பாதுகாப்பு பத்தி எழுத ஒண்ணுமில்ல, எங்க நின்னு பார்த்தீங்க, எப்பன்னு எழுதுங்க. தேசிய தின போட்டோவைத் தூக்கி தீபாவளிக்குப் போடாதீங்க, பின்னாடி மரினா பே சாண்ட்ஸ் தெரிஞ்சாலே ஆளுங்க கண்டுபிடிச்சுடுவாங்க. போடணும்னே ஆசையா இருந்தா வருஷத்தோட சொல்லிட்டு போடுங்க. ஊர்ல எடுத்த பழைய வெடி போட்டோவுக்கும் இதே கதைதான், "மதுரை, அப்பா இருந்த வருஷம்"னு ஊரும் காலமும் இருந்தா அது நினைவு, இல்லன்னா நேத்து இங்க வெடிச்ச மாதிரி ஆயிடும்.

எட்ட நிக்கிறதையே அழகா சொல்லவும் ஒரு வழி இருக்கு. சத்தம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 340 மீட்டர் ஓடும், அப்ப ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்னா வெளிச்சம் வந்து மூணு செகண்ட் கழிச்சுத்தான் டமால் வரும். போன்ல வீடியோ எடுத்தீங்கன்னா அந்த இடைவெளியை எண்ணிப் பார்த்து எழுதலாம்:

"கண்ணு பார்த்து மூணு செகண்ட் கழிச்சுத்தான் காதுக்கு வந்துச்சு. அவ்ளோ தூரத்துல நின்னும் பாட்டி காதைப் பொத்திக்கிட்டாங்க 🎆"

அப்புறம் அஞ்சாறு படம் எடுத்திருந்தா ஆரம்பத்துல எடுத்ததைப் போடுங்க. போகப் போக புகை சேர்ந்து கலர் எல்லாம் மங்கிடும், காத்து உங்க பக்கம் அடிச்சா கடைசி படம் முழுக்க சாம்பல் கலர்தான், அதுக்கு எந்த கேப்ஷனும் எடுபடாது.

போஸ்ட் போட்டதும் போனை வச்சுட்டுப் போயிடாதீங்க, மொத அரை மணி நேரத்துல ஊர்ல இருந்து யாராவது ஒரு சித்தப்பா கட்டாயம் வருவாரு. "என்னம்மா, அங்க வெடி எல்லாம் விடுறாங்களா? மத்தாப்பு மட்டுமா, சப்புன்னு இருக்குமே"ம்பாரு. அதுக்கு சட்டம், வருஷம், அபராதம்னு பெருசா எழுதாதீங்க. "வெடி கிடையாது சித்தப்பா, மத்தாப்பு மட்டும்தான். ஆனா காலையில நாலு மணிக்கு யாரும் எங்களை எழுப்பல, ஆறு மணி வரைக்கும் தூங்கிட்டு அப்புறம்தான் எண்ணெய் தேய்ச்சோம்"னு போடுங்க, அவரே ஒரு சிரிப்பு எமோஜி போட்டுட்டு முறுக்கு பத்திக் கேக்க ஆரம்பிச்சுடுவாரு.